பயிற்சித் தாள் 6: ரொக்கச் சுழற்சி நாட்கள்

திருப்பூர் மாலை வகுப்பு. பி.காம். இறுதியாண்டுக்காரர்களுக்கும், பகலில் கம்பெனிகளில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் வருபவர்களுக்கும் ஒரே தாள்தான். தொகைகள் இலட்சம் ரூபாயில், ஆண்டுக்கு 365 நாள். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். விடை கீழேயே இருக்கிறது, ஆனால் பேனாவை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு படியுங்கள்.

சரக்கு நாட்கள் = சராசரி சரக்கிருப்பு ÷ விற்ற சரக்கின் அடக்கவிலை × 365
வசூல் நாட்கள் = சராசரி கடனாளிகள் ÷ கடன் விற்பனை × 365
செலுத்தும் நாட்கள் = சராசரி கடனீந்தோர் ÷ கடன் கொள்முதல் × 365
ரொக்கச் சுழற்சி = சரக்கு நாட்கள் + வசூல் நாட்கள் − செலுத்தும் நாட்கள்

நூலுக்குக் கையை விட்டுப் போன பணம், பனியனாகி, பில்லாகி, திரும்பக் கைக்கு வர எத்தனை நாள் என்பதுதான் கடைசி வரி.

கேள்வி 1

ஒரு பின்னலாடை நிறுவனத்தின் 2024-25 கணக்கு: விற்பனை 730 (எல்லாம் கடனில்), விற்ற சரக்கின் அடக்கவிலை 584, கொள்முதல் 438 (சாயப்பட்டறை, நிட்டிங் ஜாப் ஒர்க் கூலி உட்பட, எல்லாம் கடனில்). சரக்கிருப்பு தொடக்கத்தில் 84, இறுதியில் 108. கடனாளிகள் 140, 160. கடனீந்தோர் 44, 52. ரொக்கச் சுழற்சி எத்தனை நாள்?

விடை: சராசரிகள் முறையே 96, 150, 48.
சரக்கு நாட்கள் 96 ÷ 584 × 365 = 60
வசூல் நாட்கள் 150 ÷ 730 × 365 = 75
செலுத்தும் நாட்கள் 48 ÷ 438 × 365 = 40
ரொக்கச் சுழற்சி 60 + 75 − 40 = 95 நாள்.

போன வகுப்பில் பாதிப் பேர் 105 என்று எழுதியிருந்தார்கள். கடனீந்தோரையும் 584-ஆல் வகுத்தால் 30 நாள் வரும், அதனால் 105. முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வெளியாகும் கணக்கில் கொள்முதல் தனியாகக் கிடைக்காதபோது பலர் அடக்கவிலையைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் 584-க்குள் தையல்காரர் சம்பளமும் கரண்ட் பில்லும் இருக்கிறது. சம்பளத்தைச் சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும், அது கடனீந்தோர் பட்டியலுக்கு வருவதே இல்லை. கொள்முதல் கையில் இருந்தால் கொள்முதலையே எடுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது மட்டும் ஒன்றுக்கு ஒரு முறை, இன்னொன்றுக்கு வேறு முறை என்று போட்டுவிடாதீர்கள்.

கேள்வி 2

அதே கணக்கில் சராசரிக்குப் பதிலாக இறுதி இருப்பை வைத்துப் போடுங்கள். வித்தியாசம் ஏன்?

விடை: 67.5 + 80 − 43.3 = சுமார் 104 நாள். ஆண்டு முழுவதும் இருப்பும் பாக்கியும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இறுதி இருப்பு இன்றைய நிலையைச் சொல்கிறது, சராசரி ஆண்டின் நிலையைச் சொல்கிறது. வங்கிக்காரர் 104-ஐப் பார்ப்பார், முதலாளி 95-ஐக் காட்டுவார். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு பெரிய பார்ட்டியிடம் வசூல் செய்து ஏப்ரல் முதல் வாரத்தில் அடுத்த லோடு அனுப்பினால் இறுதி எண் அழகாகிவிடும் என்பதும் இருவருக்குமே தெரியும். மாத இருப்புகள் பன்னிரண்டும் கிடைத்தால் அவற்றின் சராசரி இந்த இரண்டையும்விட நம்பகமானது.

கேள்வி 3

சராசரி சரக்கிருப்பு 96-இல் நூல் 24, தயாரிப்பில் உள்ளது 56, பெட்டி போட்டுத் தயாராக இருப்பது 16. எங்கே கை வைப்பீர்கள்?

விடை: ஒரு நாள் அடக்கவிலை 584 ÷ 365 = 1.6. அப்படியானால் நூல் 15 நாள், தயாரிப்பு 35 நாள், முடிந்த சரக்கு 10 நாள். (நூலை நூல் நுகர்வால் வகுப்பதே சரி. இங்கே மூன்றையும் கூட்டினால் 60 வர வேண்டும் என்பதற்காக ஒரே அடியால் வகுத்தேன்.)

35 நாள் என்றால் துணி தைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கிரே துணி சாயப்பட்டறையில் முறைக்குக் காத்திருக்கும். நிறம் ஒத்துவரவில்லை என்றால் மறுபடி போகும். காம்பாக்டிங்கில் ஒரு நாள். கட்டிங் முடிந்த பிறகு ரிப் துணியோ லேபிளோ வராமல் கட்டுக் கட்டாக மேசைக்கு அடியில் கிடக்கும். ஊசி ஓடும் நேரம் இதில் சிறு பங்குதான். "நூலைக் குறைவாக வாங்குவோம்" என்று எழுதியவர்களுக்குப் பாதி மதிப்பெண். நூல் 15 நாளிலிருந்து 10 ஆனால் 8 இலட்சம் மிஞ்சும், ஆனால் லைன் ஒரு நாள் நின்றால் அதில் கொஞ்சம் போய்விடும். காத்திருப்பைக் குறைத்துத் தயாரிப்பை 25 நாளாக்கினால் 16 இலட்சம் விடுபடும்.

கேள்வி 4

முதலாளி சொல்கிறார்: "விற்பனையில் பாதி எடுக்கும் பார்ட்டிகளுக்கு 2% தள்ளுபடி கொடுத்தால் 75 நாளுக்குப் பதில் 45 நாளில் பணம் தருவார்கள். சிசி கணக்குக்கு 10% வட்டி கட்டுகிறேன், அது மிச்சமாகும்." கணக்காளராக நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விடை: பாதி விற்பனை 365, அதாவது நாளுக்கு 1 இலட்சம். 30 நாள் முன்னதாக வந்தால் 30 இலட்சம் விடுபடும், வட்டி மிச்சம் 3 இலட்சம். தள்ளுபடி 365 × 2% = 7.3 இலட்சம். நிகர நட்டம் 4.3 இலட்சம். வேறு விதமாகப் பார்த்தால் 2 ÷ 98 × 365 ÷ 30, ஆண்டுக்குச் சுமார் 24.8% வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம்.

சுழற்சி நாட்கள் குறைகின்றன, லாபமும் குறைகிறது. சிசி வரம்பு நிரம்பி, அடுத்த நூல் லோடுக்கே பணமில்லை என்ற நிலை வந்தால் மட்டும் இந்தத் தள்ளுபடியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில், தள்ளுபடி இல்லாமலே கேட்டுப் பாருங்கள். பில்லே பத்து நாள் தாமதமாகப் போகும் கம்பெனிகள் நம் ஊரில் குறைவில்லை.

கேள்வி 5

அடுத்த ஆண்டு விற்பனை, அடக்கவிலை, கொள்முதல் எதுவும் மாறவில்லை. சரக்கு நாட்கள் 70, வசூல் நாட்கள் 75, செலுத்தும் நாட்கள் 65. சுழற்சி 95-இலிருந்து 80 ஆகிவிட்டது. நடைமுறை மூலதனத்தைக் கையாளும் திறன் கூடியதா?

விடை: இல்லை. இந்தத் தாளில் முக்கியமான கேள்வி இதுதான்.

சரக்கில் 10 நாள் கூடியதால் கூடுதலாக 10 × 1.6 = 16 இலட்சம் முடங்கியிருக்கிறது. கொள்முதல் நாளுக்கு 1.2 என்பதால், 25 நாள் தள்ளிக் கொடுத்ததில் 30 இலட்சம் கிடைத்திருக்கிறது. முடங்கிய நிகரத் தொகை 96 + 150 − 48 = 198 ஆக இருந்தது, இப்போது 184. 14 இலட்சம் குறைந்தது உண்மை. ஆனால் உள்ளே வேலை மெதுவாகியிருக்கிறது, அதை மூடிய பணம் நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் போக வேண்டியது. நூல் மில் சும்மா இருக்காது. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று பில்லில் ஏற்றிவிடும். அது அடக்கவிலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், சுழற்சியில் தெரியாது.

சாயப்பட்டறை உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் சட்டமும் வருகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் 15-ஆம் பிரிவுப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு இன்னும் நேரடியாகக் கடிக்கும்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். சாயக் கூலி 6 இலட்சம், 1.2.2025-இல் வேலையை ஏற்றுக்கொண்டாயிற்று, ஒப்பந்தம் 60 நாள், பணம் கொடுத்தது 12.4.2025. 45 நாள் கெடு மார்ச் மூன்றாம் வாரத்திலேயே முடிந்துவிட்டது, 60 நாள் ஒப்பந்தம் காப்பாற்றாது. மார்ச் 31-இல் பாக்கி நிற்பதால் 2024-25-இல் அந்த 6 இலட்சத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. கூட்டு நிறுவனமாக இருந்தால் 30% வீதம் 1.8 இலட்சம் வரி, செஸ் தனி. அடுத்த ஆண்டில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் உங்களிடம் இல்லை. ரொக்கத்தை மிச்சப்படுத்தப் போய் ரொக்கத்தையே வரியாகக் கட்டியாயிற்று.

கேள்வி 6

உள்நாட்டு வியாபாரம் மட்டும் செய்யும் ஒரு நூல் ஏஜென்சி: விற்பனை 365, சராசரி கடனாளிகள் 84. வசூல் 84 நாள் என்கிறது கணக்கு. சரியா?

விடை: விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டி சேராது, கடனாளிகள் பாக்கியில் சேர்ந்திருக்கும். பருத்தி நூலுக்கு 5% என்றால் 84 ÷ 1.05 = 80. வசூல் நாட்கள் 80. கடனீந்தோருக்கும் இதே திருத்தம் வேண்டும். சிறிய விஷயம், இரண்டு வரியில் முடிந்துவிடும், ஆனால் 18% பொருள் விற்பவர் இதை விட்டால் எண் கண்டபடி ஏறும்.

கேள்வி 7

ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட். சரக்கு 22 நாள், வசூல் 1 நாள், செலுத்துவது 38 நாள். வசதிக்காக எல்லாமே நாளுக்கு 10 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி என்ன? கையில் நிற்கும் பணத்தை உரிமையாளர் இரண்டாவது கடைக்கு அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். பிறகு எதிரே ஒரு பெரிய கடை திறந்து வியாபாரம் 30% விழுந்தது. நாட்கள் மாறவில்லை. என்ன நடக்கும்?

விடை: 22 + 1 − 38 = −15 நாள். கையில் நிற்பது 15 × 10 = 150 இலட்சம், முழுக்க சப்ளையர் பணம். வியாபாரம் நாளுக்கு 7 ஆனால் 15 × 7 = 105 மட்டுமே நிற்கும். 45 இலட்சம் வெளியே போக வேண்டும், ஆனால் அது அட்வான்ஸாகப் போய்விட்டது. எதிர்மறைச் சுழற்சி வியாபாரம் வளரும்போது பணம் தரும், சுருங்கும்போது அதே வேகத்தில் திரும்பக் கேட்கும். சப்ளையர் பயந்து 38 நாளை 25 ஆக்கினால் எத்தனை இலட்சம் கூடுதலாகப் போகும் என்பதை வீட்டில் போட்டு வாருங்கள். 91 வந்தால் சரி.