ஏரி வாரியமும் உத்திரமேரூரும்: ஒரு மறுப்புரைக்குப் பதில்

"சோழர் கால ஊர்களில் ஏரிப் பராமரிப்பு" என்ற என் கட்டுரைக்குச் சென்ற இதழில் வந்த மறுப்புரையை நிதானமாகப் படித்தேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொண்ட குழுவான ஏரி வாரியம் எழுத்தில் மட்டும் இல்லாமல் உண்மையிலேயே நடந்தது என்பது அந்தக் கட்டுரையின் வாதம். எழுதியவர் என் முடிவுகளோடு மட்டும் மோதாமல், நான் எடுத்தாண்ட கல்வெட்டுகளையே திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு முதலில் என் நன்றி. அவர் சொன்னவற்றில் சிலவற்றை அப்படியே ஏற்கிறேன். மிக அழுத்தமாக அவர் சொன்ன ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

ஏற்பதிலிருந்து தொடங்குகிறேன். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர், சதுர்வேதிமங்கலம். அங்கே முடிவெடுத்தது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. சோழ நாட்டில் பெரும்பாலான ஊர்கள் அப்படிப்பட்டவை அல்ல. வேளாண்வகை ஊர்களில் கூடியது "ஊர்" என்ற அவை, வணிகர் ஊர்களில் "நகரம்". ஒரு பிரம்மதேயத்தின் விதிகளை வைத்துக்கொண்டு தலைப்பில் "ஊர்களில்" என்று பன்மையில் எழுதியது தவறு என்கிறார் மறுப்புரையாளர். சரிதான். திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டை நான் துணைக்கு அழைத்ததும் இந்த ஓட்டையை அடைக்காது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து அந்தக் கல்வெட்டு சபை உறுப்பினர்களின் தகுதிகளைச் சொல்கிறது. ஆனால் மானூரும் பிரம்மதேயம்தான், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆள் எடுக்கும் குடவோலை முறையும் அங்கே இல்லை. ஆகவே தலைப்பையும் முடிவுரையின் முதல் இரண்டு பத்திகளையும் திருத்துகிறேன். இனி என் வாதம் உத்திரமேரூரைப் பற்றியது, அதைப் போன்ற பெரிய பிரம்மதேயங்களுக்கு வேண்டுமானால் நீட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் போகாது.

இது வெறும் தலைப்புச் சிக்கல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரின் பேச்சிலேயே உத்திரமேரூர் இடம்பெற்றது. பள்ளிப் பாடம், மேடைப் பேச்சு, சுற்றுலாப் பலகை என்று எங்கும் அந்த ஊர் "சோழர் கால மக்களாட்சி" ஆகிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு தளர்வாக இருந்தால் அந்தத் தளர்வைத்தான் பலரும் எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது உழைப்பு பற்றிய கேள்வி. "ஊரார் அனைவரும் பங்கேற்ற பராமரிப்பு" என்று நான் எழுதியிருந்தேன். தூர் எடுத்தது யார், கூடை சுமந்தது யார் என்று மறுப்புரையாளர் கேட்கிறார். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் ஒருவருக்குக் கால் வேலிக்கு மேல், இறை என்ற வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் சொந்த வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் உள்ளவருக்குச் சலுகை உண்டுதான், ஆனால் அவர் ஒரு வேதத்தோடு பாஷ்யம் என்ற உரையும் கற்றிருக்க வேண்டும். இந்தத் தகுதிகளோடு வாரியத்தில் உட்கார்ந்தவர் மண்வெட்டி பிடித்திருப்பார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராசராசன் கொடுத்த ஊர்களின் பட்டியல் கொண்ட கல்வெட்டில், இறை இல்லாத நிலங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசையாக வருகின்றன. அந்தச் சேரிகளின் மக்கள் ஊருக்குள் இருந்தார்கள், நீர்நிலைக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். ஏரிக்குப் பொன் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது, அதை வாங்கி நிர்வகித்த வாரியத்தின் பெயரும் இருக்கிறது. சேற்றில் இறங்கியவர் பெயர் இல்லை. "அனைவரும் பங்கேற்ற" என்ற என் சொல் அவர்களை இன்னொரு முறை அழித்துவிட்டது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதில் ஒரு மழுப்பலான வாக்கியத்தை வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. கூலியா, கட்டாய உழைப்பான வெட்டியா, இரண்டும் கலந்ததா என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறேன்.

என் கட்டுரையின் அட்டவணை 2 பற்றிய குறையும் நியாயமானது. கற்கோயில் இருந்த ஊரில்தான் கல்வெட்டு இருக்கும். ஏரிக்குக் கொடை அதிகம் வந்த ஊர்கள் என்று நான் காட்டியது, அதிகக் கல்வெட்டுகள் தப்பிப் பிழைத்த ஊர்களின் பட்டியலாகவும் இருக்கலாம். வரலாற்றாய்வாளர்கள் சுப்பராயலுவும் கராஷிமாவும் கல்வெட்டுகளை எண்ணிப் பார்க்கும் முறையை வளர்த்தபோது இதே எச்சரிக்கையோடுதான் செய்தார்கள். அட்டவணையை நீக்குகிறேன். வாதம் அதன்மேல் நிற்கவில்லை.

அப்புறம், உத்திரமேரூரின் ஏரியான வயிரமேக தடாகம் இன்றும் இருப்பதை வாரியத்தின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டியிருந்தேன். நடுவே ஆயிரம் ஆண்டுகளும் எத்தனையோ பழுதுபார்ப்புகளும் இருக்கின்றன. அதையும் விட்டுவிடுகிறேன்.

இனி நான் ஏற்காத பகுதி. மறுப்புரையின் மையம் இதுதான்: சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன, நடந்ததைச் சொல்லவில்லை. எழுதி வைத்த விதியை நடைமுறை என்று வாசிப்பது அடிப்படைப் பிழை. பொது விதியாக இதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் இந்த இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பொது விதி இங்கே பொருந்தவில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்களில் இரண்டும் அருகருகே இருக்கின்றன. முதலாவது பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, 919. இரண்டாவது 14-ஆம் ஆண்டு, 921. இடைவெளி இரண்டே ஆண்டு. முதல் கல்வெட்டில் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முதலாவது சுருக்கமானது. இரண்டாவது நீண்டு, தகுதி இழப்புகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரும் கூடாது. எந்த உறவினர் என்பதையும் கல்வெட்டு பொதுவாக விடவில்லை: தாயின் அக்காள் தங்கை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று முறை சொல்லிச் சொல்லித் தடுக்கிறது.

வெறும் அலங்காரமாக வைத்த விதிக்கு இப்படிப்பட்ட திருத்தம் எதற்கு? யாரும் கடைப்பிடிக்காத வயது வரம்பை இரண்டே ஆண்டில் மாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். கணக்குக் காட்டாதவரை நீக்கினால் அவர் அத்தை மகன் வந்து உட்காருகிறான் என்ற அனுபவம் இல்லாமல் அத்தை மகனைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி எழுதப்படுவது கடினம். விதிமீறல்களைத்தான் இந்தக் கல்வெட்டுகள் காட்டுகின்றன, ஒழுங்கை அல்ல என்கிறார் மறுப்புரையாளர். மீறல்கள் இருந்தன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மீறுவதற்கு ஒரு நடைமுறை இருந்தாக வேண்டும். நன்றாக நடந்தது என்று நான் எழுதவில்லை. நடந்தது என்றே எழுதினேன், அதில் மாற்றமில்லை.

இன்னொன்று, ஏரி வாரியம் 919-இல் திடீரென்று பிறந்த ஏற்பாடு அல்ல. அதற்கு முன்பே பல்லவர் காலத்தில், இதே ஊரில், இதே ஏரியில் தூர் எடுப்பதற்காகக் கொடைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஏற்று நடத்தும் பொறுப்பு ஏரி வாரியப் பெருமக்களிடம் இருந்தது. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் எடுப்பது அந்தக் காலத்துக் கொடைகளின் வழக்கம். இவை விதிகள் அல்ல, கைமாறிய சொத்துகள். செயல்படாத குழுவிடம் ஒருவர் பொன்னை நம்பி ஒப்படைக்கலாம், அது ஒரு முறை நடக்கும். வெவ்வேறு ஆட்சிகளில் வெவ்வேறு ஆட்கள் அதே குழுவிடம் ஒப்படைக்கிறார்கள் என்றால் அந்தக் குழு ஏதோ ஒரு அளவுக்கு வேலை செய்தது என்றுதான் கொள்ள வேண்டும். மறுப்புரை இந்தக் கொடைக் கல்வெட்டுகளைத் தொடவே இல்லை. என் கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுவதும் இவற்றைப் பற்றியது என்பதால் இந்த விடுபடல் எனக்கு வியப்பாக இருந்தது.

தூர் எடுப்பதன் தன்மையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கோயில் கட்டுவதைப் போல ஒரு முறை செய்து பெயர் வாங்கிப் போகும் வேலை இல்லை இது. ஒவ்வொரு மழைக்கும் வண்டல் வந்து சேரும். கோடையில் நீர் வற்றியதும் எடுத்துக் கரையில் கொட்ட வேண்டும். ஓடம் வைத்து நீருக்குள்ளிருந்தே மண் எடுத்த ஏற்பாடுகளும் தமிழகக் கல்வெட்டுகளில் உண்டு. மதகைப் பார்க்க வேண்டும், கலிங்கைப் பார்க்க வேண்டும். ஓராண்டு விட்டால் மறு ஆண்டு கடைமடைக்குத் தண்ணீர் போகாது, நிலமுடைய சபையாருக்கே அது தெரிந்துவிடும். 360 நாளுக்கு ஒரு முறை வாரியம் மாறுவதும், வாரியம் செய்தவர் அடுத்த மூன்று ஆண்டுகள் விலகியிருப்பதும் இந்த ஓயாத வேலையோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. மறுப்புரையாளர் இவற்றைச் சடங்கு என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீர் வராவிட்டால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் இறை கட்ட முடியாது என்ற நிலையில் இருந்தவர்கள் எழுதியவை இவை.

அரசு அதிகாரி பற்றி: இரண்டு கல்வெட்டுகளிலும் அரசாணை வருகிறது, அரசன் அனுப்பிய ஆள் உடனிருக்கிறார். ஆகவே இது மேலிருந்து வந்த ஒழுங்கு என்பது மறுப்புரையின் வாதம். "முழுச் சுயாட்சி" என்று சுருக்கத்தில் நான் எழுதியது மிகை, அதை எடுத்துவிட்டேன். ஆனால் வியவஸ்தை செய்தவர்களாக, அதாவது விதி வகுத்தவர்களாக, அந்தக் கல்வெட்டுகளில் பேசுவது சபையார், "நாம்" என்று தன்மையில். 919-இல் உடனிருந்த அதிகாரி வேறு, 921-இல் வேறு. இரண்டு ஆண்டுகளில் மாறாமல் இருந்தது சபை. உறவுமுறைப் பட்டியலும், ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளுக்கும் தனித்தனி ஓலைக்கட்டு என்ற ஏற்பாடும் அந்த ஊரை உள்ளிருந்து அறிந்தவர்கள் மட்டுமே வகுக்கக் கூடியவை. அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது, உள்ளடக்கம் ஊரிலிருந்து வந்தது. இந்த வாசிப்பைத்தான் நான் இப்போதும் முன்வைக்கிறேன்.

கடைசியாக, கொடைக் கல்வெட்டு ஒன்றில் சிதைந்த வரிக்கு மறுப்புரையாளர் தரும் மாற்று வாசிப்பு. பொன்னைப் பெற்றது ஏரி வாரியம் அல்ல, தோட்ட வாரியம் என்கிறார். அச்சுப் பதிப்பை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது, கல்லிலிருந்து மையொற்றி எடுத்த மைப்படியைப் பார்த்தாக வேண்டும். அவருடைய வாசிப்பு சரியென்றால் என் மூன்றாம் பகுதியில் ஒரு சான்று குறையும், மற்றவை நிற்கும். இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டால், என்ன தெரிந்தாலும் இருவர் பெயரிலும் இதே இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறோம்.