ஜெர்மனியின் ஆகன் நகரிலிருந்து அப்பா, அம்மாவுக்கு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். போனில் என் குரல் சோர்ந்திருந்ததால் அம்மா சரியாகத் தூங்கவில்லை என்று தம்பி சொன்னான். வீட்டு நினைப்பு வரத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. டிசம்பரில் இங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதால் அந்த நேரம் கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் குளிரெல்லாம் வெளியேதான். அறையில் ஹீட்டர் இருக்கிறது, ஸ்வெட்டர்கூட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை அம்மா. மதியம் பல்கலைக்கழக கேன்டீன், ராத்திரி சோறும் ரசமும். நீங்கள் கொடுத்துவிட்ட பருப்புப்பொடியைப் பக்கத்து அறை கொலம்பியாப் பெண் ரொட்டியில் தூவிச் சாப்பிடுகிறாள்! ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே இருவரும் போய்க் காய்கறி வாங்கிவிடுவோம்.

அப்பா, மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இங்கே கட்டாயம். காய்ச்சல் வந்தாலும் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஜெர்மன் வகுப்பில் இப்போது வாய் திறந்து பேசுகிறேன்.

ஞாயிறு உங்களுக்கு இரவு எட்டரை ஆகும்போது கூப்பிடுகிறேன், எனக்கு அப்போது மாலை நாலு மணி. பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா, பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்