கட்டணத்திற்கு அவகாசம் கேட்கும் கடிதம்: திருத்திய படி

சுங்கை சிப்புட்
18.8.2025

அன்புள்ள மாலதி,

நேற்று மாலை நீ கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. ஆனால் முதல் பத்தியில் தலைமையாசிரியையை அதட்டுகிறாய், கடைசிப் பத்தியில் அவர் காலில் விழுகிறாய். இரண்டும் வேண்டாம், மகளே. புருஷன் தோள் எலும்பு முறிந்து படுத்திருக்கும் வீட்டில் மூன்று மாதக் கட்டணம் நின்றுபோனதற்கு நீ கூனிக்குறுக வேண்டியதில்லை.

முழுவதையும் திருத்தி எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்திலேயே பார்த்து எழுதிக் கொடு.

தோட்டக் குடியிருப்பு,
சுங்கை சிப்புட், பேராக்.
19 ஆகஸ்டு 2025

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

பொருள்: ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதக் கட்டணங்களைத் தவணையில் செலுத்த அனுமதி வேண்டுதல்
மாணவி: தர்ஷினி த/பெ கணேசன், ஆறு வயது வகுப்பு

வணக்கம். தங்கள் பாலர்பள்ளியில் பயிலும் தர்ஷினியின் தாயார் நான். ஆகஸ்டு 31-ஆம் தேதிக்குள் கட்டணப் பாக்கியைச் செலுத்துமாறு தாங்கள் அனுப்பிய அறிவிப்பு கடந்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதற்கு முன்பே நான் நேரில் வந்து நிலைமையைத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்ததற்கு வருந்துகிறேன்.

என் கணவர் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் வேலை செய்கிறார். கடந்த ஜூன் 3-ஆம் தேதி வேலையின்போது மட்டை விழுந்து அவருடைய வலது தோள் எலும்பு முறிந்தது. அன்று முதல் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். அறுக்கும் குலைக்கு ஏற்பவே அவருக்குச் சம்பளம் என்பதால், ஜூன் மாதத்திலிருந்து நாற்றுப்பண்ணையில் நான் பெறும் சம்பளம் ஒன்றில்தான் குடும்பம் நடக்கிறது. இதனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான கட்டணம் 450 ரிங்கிட்டை உரிய காலத்தில் செலுத்த இயலவில்லை. ஜனவரி முதல் மே வரையிலான கட்டணங்களைத் தவறாமல் செலுத்தியிருக்கிறோம்.

இக்கடிதத்துடன் 90 ரிங்கிட் செலுத்துகிறேன். மீதமுள்ள 360 ரிங்கிட்டை, மாதம் 120 ரிங்கிட் வீதம் மூன்று தவணைகளில், அந்தந்த மாதக் கட்டணமான 150 ரிங்கிட்டுடன் சேர்த்து, செப்டம்பர் 8, அக்டோபர் 7, நவம்பர் 7 ஆகிய தேதிகளில் செலுத்திவிடுகிறேன். ஒவ்வொரு தவணையிலும் செலுத்தும் தொகை 270 ரிங்கிட்.

சொக்சோ அலுவலகத்தில் என் கணவரின் தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அத்தொகை முன்னதாகக் கிடைக்கக்கூடும். கிடைத்தால் மீதமுள்ள தவணைகளை ஒரே முறையில் செலுத்திவிடுவேன். கிடைக்கத் தாமதமானாலும் மேற்கண்ட தேதிகள் மாறா.

தர்ஷினி வரும் ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சேரவிருக்கிறாள். இப்போதுதான் தானாகவே சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். பாக்கி தீரும் வரை அவள் இடைநில்லாமல் வகுப்பில் பயில அனுமதித்து, மேற்கண்ட தவணைகளை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவணைத் தொகையிலோ தேதியிலோ தாங்கள் மாற்றம் விரும்பினால் நேரில் வந்து பேசக் காத்திருக்கிறேன்.

மருத்துவ விடுப்புச் சான்றிதழ்களின் நகலும் சொக்சோ விண்ணப்பத்தின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
மாலதி
(தர்ஷினியின் தாயார்)

இனி, எதை ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன். நாளைக்கு இன்னொரு கடிதம் எழுத நேர்ந்தால் என்னைத் தேடி வர வேண்டியிருக்காது.

நீ எழுதியது: ‘நீங்கள் எனக்கு மூன்று மாதம் டைம் கொடுக்க வேண்டும்.’ இந்த ‘வேண்டும்’ கேட்பதுபோலத் தெரியும், ஆனால் கட்டளை. யார்மேல் அந்தச் சொல் விழுகிறது என்று பார். ‘நான் தெரிவித்திருக்க வேண்டும்’ என்றால் கடமை உன்மேல் விழுகிறது. அது பணிவு. அதனால்தான் அந்த இடத்தில் நானே ஒரு ‘வேண்டும்’ சேர்த்திருக்கிறேன். ‘நீங்கள் கொடுக்க வேண்டும்’ என்றால் அது அவர்மேல் விழுகிறது. தருவதா மறுப்பதா என்பது அவர் கையில் இருக்கும்போது ‘ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதுதான் முறை. ‘டைம்’ பேச்சில் இருக்கட்டும், கடிதத்தில் அவகாசம், தவணை.

‘பிள்ளையை வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் ‘கூடாது’ என்பது தடை போடுகிற சொல். அவர் அப்படிச் செய்யப்போவதாக நீயே குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். அவள் வகுப்பில் பயில அனுமதி கேள், போதும். சொல் கூட்டிப் படிக்கிறாள் என்ற வரி நீ வாசலில் நின்று சொன்னது. கடிதத்தில் விட்டுவிட்டாய், நான் சேர்த்துவிட்டேன். எந்த ஆசிரியைக்கும் அந்த வரி புரியும்.

‘என்னால் கட்ட முடியாது’ என்பதை ‘செலுத்த இயலவில்லை’ என்று மாற்றினேன். முடியாது என்றால் மறுக்கிறாய் என்று பொருள்படும், இனி எப்போதும் கட்டமாட்டாய் என்றும் படும். இயலவில்லை என்றால் நடந்துபோன மூன்று மாதத்தை மட்டும் சொல்கிறது.

கவனமாகப் பார்க்க வேண்டியது அடுத்த இரண்டு இடங்கள். பாக்கியைப் பற்றி ‘நவம்பருக்குள் கட்டலாம்’ என்று எழுதியிருந்தாய். ‘கட்டலாம்’ என்றால் கட்டினாலும் கட்டலாம், கட்டாமலும் போகலாம். உன் கையில் இருப்பதை ‘செலுத்திவிடுகிறேன்’ என்று உறுதியாகச் சொல். சொக்சோ பணத்தைப் பற்றியோ ‘அடுத்த மாதம் கிடைத்துவிடும்’ என்று அடித்துச் சொல்லியிருந்தாய். சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கணேசனுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதுதான். ஆனால் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பது உன் கையில் இல்லை. அதனால் அங்கே ‘கிடைக்கக்கூடும்’. உறுதியையும் ஐயத்தையும் நீ இடம் மாற்றி வைத்திருந்தாய், நான் திருப்பி வைத்தேன்.

தேதிகளை உன் சம்பள நாளைப் பார்த்துத்தான் குறித்தேன். முந்திய மாதச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். செப்டம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள் திங்கள். மாதம் 270 ரிங்கிட் உனக்குத் தாங்காது என்றால் இப்போதே சொல். நான்கு தவணையாக மாற்றி எழுதித் தருகிறேன். எழுதிக் கொடுத்த பிறகு தேதி தவறக் கூடாது. இந்தக் ‘கூடாது’ உனக்கு.

‘உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்’ என்ற கடைசி வரிகளை அடித்துவிட்டேன்.

நாளைக் காலை தர்ஷினியை விடப் போகும்போது கடிதத்தைத் தலைமையாசிரியை கையிலேயே கொடு, பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதே. 90 ரிங்கிட்டுக்கு ரசீது வாங்கிக்கொள். கடிதத்தின் நகல் ஒன்றை ரசீதோடு வைத்திரு. கணேசனை மருத்துவரிடம் எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பு, அன்று பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்