'தி' வை, 'கேன்' வை, 'வெரி' வை
(ஆறாம் வகுப்பு ஆங்கில இலக்கணப் பாட்டு)

வரிக்கு நான்கு தட்டு. பல்லவியை எல்லோரும் பாட வேண்டும். சரணத்தின் முதல் இரண்டு வரியை ஒரு பாதி வகுப்பும், மிச்சத்தை மறு பாதியும் எடுத்துக்கொள்ளலாம். சைகை மூன்றுதான்: நவுன் வந்தால் உள்ளங்கையை மேசைமேல் வை, வெர்ப் வந்தால் இரண்டு கையையும் ஓடுவதுபோல் ஆட்டு, அட்ஜெக்டிவ் வந்தால் கன்னத்தில் பொட்டு வைப்பதுபோல் ஒரு விரலால் தொடு.

பல்லவி

முன்னால் 'தி' வை, நின்றால் நவுன்!
முன்னால் 'கேன்' வை, நின்றால் வெர்ப்!
முன்னால் 'வெரி' வை, நின்றால் அட்ஜெக்டிவ்!
மூன்றும் மறுத்தால் வேறொரு வகை!

'நின்றால்' என்பதை அழுத்திப் பாடுங்கள். 'தி டாக்' என்று நிறுத்தினால் காது ஏற்றுக்கொள்கிறது. 'தி பிக்' என்று நிறுத்தினால் "பிக் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்கத் தோன்றினால் அது நவுன் இல்லை.

நவுன் (பெயர்ச்சொல்)

பேரைச் சொன்னால் நவுன்தான் அது,
'பென்சில்', 'டீச்சர்', 'ரிவர்', 'ட்ரீ';
ஊரைச் சொன்னால் அதுவும் நவுன்தான்,
'லண்டன்', 'மதுரை', வேண்டாம் 'தி'!

தொட்டுப் பார்க்கக் கிடைக்காது,
'ஹானஸ்டி' நவுன்தான், 'ஆங்கர்' நவுன்தான்;
எட்டிப் பார்த்தால் வால் தெரியும்,
'னெஸ்', 'மென்ட்', 'ஷன்' நவுன் வால்தான்!

'ஹேப்பி' கன்னத்தில் பொட்டு,
'ஹேப்பினெஸ்' மேசையில் கை;
'மூவ்' என்றால் கையை ஆட்டு,
'மூவ்மென்ட்' மேசையில் கை!

"நவுன் என்றால் ஆள், இடம், பொருள்" என்று மட்டும் படித்தவர்கள் 'ஆங்கர்' என்ற சொல்லில் தடுக்கி விழுவார்கள். கோபம் ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஆனால் 'தி ஆங்கர்' நிற்கிறது, அது போதும். ஊர்ப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். அவை பெரிய எழுத்தில் தொடங்குவதே அடையாளம்.

வெர்ப் (வினைச்சொல்)

செய்வதைச் சொல்லும் 'ஈட்', 'ஜம்ப்', 'ரைட்',
செய்யாமல் இருப்பதும் 'நோ', 'லைக்', 'வெயிட்';
காலம் மாறினால் கோலம் மாறும்,
'வாக்' நேற்று 'வாக்ட்', 'கோ' நேற்று 'வென்ட்'!

கோலம் மாறாச் சிலதும் உண்டு,
'கட்' நேற்றும் 'கட்', 'புட்' நேற்றும் 'புட்';
பார்த்தால் நேற்றா இன்றா தெரியாது,
பக்கத்துச் சொல்லைப் பார், அது சொல்லும்!

'கேன்' சோதனைக்கு முன் சொல்லின் ஒட்டைக் கழற்றி மூல வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கேன் ஈட்ஸ்' வராது, 'கேன் ஈட்' வரும். 'கேன் வென்ட்' வராது, 'கேன் கோ' வரும். கழற்றாமல் சோதித்துவிட்டு "இது வெர்ப் இல்லை" என்று முடிவு செய்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. 'டு' வைத்துச் சோதிப்பதும் ஆபத்து. 'டு ரன்' வரும், 'டு ஸ்கூல்' என்பதும் வரும். அதனால்தான் பாட்டில் 'டு' இல்லை.

தமிழில் 'அவள் உயரம்' போதும்,
தனியாய் ஒருசொல் தேவை இல்லை;
ஆங்கிலம் கேட்கும் 'ஷி இஸ் டால்',
அதிலே 'இஸ்'தான் வெர்ப், விட்டால் தொல்லை!

'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' ஐந்தும்
அசையா திருக்கும் வெர்ப்களே;
'கேன்' வந்தாலோ 'பீ' ஆகும்,
காட்டிக் கொடுத்தது பாருங்களேன்!

இந்த இரண்டு சரணத்தைக் கூடுதலாக ஒரு தடவை பாடுங்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஷி டால்' என்று எழுதுவது இயல்பு. வாக்கியத்தில் கையை ஆட்ட ஒரு சொல்கூட இல்லையென்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

'எஸ்' எங்கே போனது?

'பாய்ஸ் ப்ளே' என்றால் பலபேர் ஆட்டம்,
'எஸ்' வந்து நின்றது பாயிடம்;
'பாய் ப்ளேஸ்' என்றால் ஒருவன் ஆட்டம்,
'எஸ்' ஓடிப் போனது ப்ளேயிடம்!

நவுனில் 'எஸ்' வந்தால் பல, வெர்ப்பில் 'எஸ்' வந்தால் ஒன்று. தலைகீழ் என்பதால்தான் குழப்பம். 'எஸ்' மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அட்ஜெக்டிவ் (பெயரடை)

எப்படிப் பட்டது? 'ரெட்', 'டால்', 'ஓல்ட்',
எதையும் விவரிக்கும் அட்ஜெக்டிவ்;
எத்தனை டாக்ஸ் என்றாலும் 'பிக்'தான்,
'பிக்ஸ்' என்று நீட்டாது அட்ஜெக்டிவ்!

முன்னால் நிற்கும் 'எ டால் பாய்',
பின்னால் நிற்கும் 'தி பாய் இஸ் டால்';
எந்தப் பக்கம் நின்றாலும்
அந்த 'பாய்'க்கே சொந்தம் 'டால்'!

'ஸ்கூல் பேக்'கில் 'ஸ்கூல்' என்ன?
'வெரி ஸ்கூல் பேக்' வருமா? வராது!
'போரிங் ஸ்டோரி'யில் 'போரிங்' என்ன?
'வெரி போரிங்' வந்தது பாரு!

'இங்' வால் பார்த்தால் வெர்ப் என்பாய்,
'எல்ஒய்' பார்த்தால் அட்வெர்ப் என்பாய்;
'ஃப்ரெண்ட்லி டாக்' என்று வைத்துப் பார்,
அட்ஜெக்டிவ் என்று நீயே சொல்வாய்!

'வெரி' சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 'வெரி ஸ்லோலி'யும் நிற்கும், ஆனால் 'ஸ்லோலி' அட்வெர்ப். நவுனுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்: 'எ ஸ்லோ பஸ்' சரி, 'எ ஸ்லோலி பஸ்' தவறு. மறுபக்கம், 'மெயின்', 'டெட்' போன்றவை 'வெரி'யைச் சேர்த்துக்கொள்ளாத அட்ஜெக்டிவ்கள். 'தி மெயின் ரோடு' என்று நவுனுக்கு முன்னால் நிற்பதை வைத்து அவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரே சொல், மூன்று வேலை

'டர்ன் ஆன் தி லைட்', மேசையில் கை,
'தி' வந்து நின்றது, நவுன் ஆச்சு;
'லைட் தி லேம்ப்' என்றால் கையை ஆட்டு,
'கேன் லைட்' வந்தது, வெர்ப் ஆச்சு;
'எ லைட் பேக்' என்றால் கன்னத்தில் பொட்டு,
'வெரி லைட்' வந்தது, அட்ஜெக்டிவ் ஆச்சு!
பட்டியல் பார்த்து மனப்பாடம் செய்தால்
படிச்சது எல்லாம் வீணாச்சு!

இந்த எட்டு வரிக்காகத்தான் மொத்தப் பாட்டும். 'லைட்' என்ற சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதி "இது என்ன வகை?" என்று கேட்டால், வகுப்பு சொல்ல வேண்டிய பதில்: "வாக்கியம் சொல்லுங்கள், பிறகு சொல்கிறோம்."

கேள்வியும் பதிலும்

(ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் சைகையோடு சொல்ல வேண்டும்.)

'வாட்டர் தி ப்ளான்ட்', 'வாட்டர்' என்ன?
வெர்ப்! வெர்ப்! ஊற்றச் சொன்னது!
'ட்ரிங்க் தி வாட்டர்', 'வாட்டர்' என்ன?
நவுன்! நவுன்! குடிக்கத் தந்தது!
'கிளீன் தி ரூம்', 'கிளீன்' என்ன?
வெர்ப்! வெர்ப்! பெருக்கச் சொன்னது!
'எ கிளீன் ரூம்', 'கிளீன்' என்ன?
அட்ஜெக்டிவ்! அறை பளிச்சென்றது!

கடைசியாக ஒரு முழு வாக்கியம். பாடாமல், மெதுவாக, சொல்லுக்கு ஒரு சைகை:

'தி ஓல்ட் டீச்சர் வாட்டர்ஸ் தி ஸ்மால் ப்ளான்ட்.'

ஒன்றுமில்லை, பொட்டு, மேசை, ஆட்டு, ஒன்றுமில்லை, பொட்டு, மேசை.

'தி'க்குக் கை அசையக் கூடாது. யாராவது அசைத்தால் நிறுத்தி, 'கேன் தி', 'வெரி தி', 'தி தி' என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்போடு பல்லவியின் நான்காவது வரி:

மூன்றும் மறுத்தால் வேறொரு வகை!