எடுப்புப் பட்டியல்: சம்பா நிலுவை ஆர்டர்கள், கும்பகோணம் குடோன்

ஆர்டர்கள்: 214 பாபநாசம், 217 வலங்கைமான், 219 திருவிடைமருதூர். முன்வாசலில் தொடங்கிப் பின்கதவில் முடிக்கவும்.

அ-1, தரை
டிஏபி 50 கிலோ: 12 மூட்டை (214க்கு 8, 219க்கு 4)

அ-2, தரை
யூரியா 45 கிலோ: 15 மூட்டை (214க்கு 5, 217க்கு 10). அடி மூட்டைகள் ஈரம் இழுத்திருக்கும். கையால் அமுக்கிப் பாருங்கள். கட்டி தட்டினால் அதைத் தனியே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

அ-3
பொட்டாஷ்: 219 கேட்டது 3, இருப்பு 2. இருப்பதை ஏற்றுங்கள், மீதி நாளை.

இ-3
விதைநெல் சி.ஆர். 1009 சப் 1: 6 மூட்டை (217). நீலச் சீட்டில் காலாவதித் தேதி பார்த்து, பழைய லாட் முதலில்.

உ-1, நிழல் அலமாரி
அசோஸ்பைரில்லம் 200 கிராம்: 40 பாக்கெட் (214). கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். உர மூட்டையோடு சேர்க்காமல் டிரைவர் கேபினில் வையுங்கள். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துவிடும்.