பயிற்சி ஃபர்ம்வேர் பணியாளர் பணிக்கு விண்ணப்பம்

கேத்தி, நீலகிரி மாவட்டம்
12 ஜூன் 2025

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் உள்ள தங்கள் நிறுவனத்தில் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதும் பிரிவில் பயிற்சியாளர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். இந்த ஏப்ரலில் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பட்டயப் படிப்பை 82 சதவீத மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறேன்.

மதிப்பெண்ணைவிட என் இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றிச் சொல்வதே பொருத்தமாக இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் உறைபனி விழும் இரவுகளில், விடிவதற்குள் ஸ்பிரிங்ளர் போட்டுச் செடிகளை நனைக்காவிட்டால் இலை கருகிவிடும். என் சித்தப்பா இரவில் மூன்று முறை எழுந்து தோட்டத்துக்குப் போவார். அவருக்காக ATmega328P சிப்பில் DS18B20 வெப்பநிலை சென்சாரை இணைத்து, 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பஸர் ஒலிக்கும் கருவியைச் செய்தேன். ஆயத்த நூலகம் எதையும் எடுக்காமல், தகவல் தாளைப் படித்து 1-வயர் டிரைவரை நானே C மொழியில் எழுதினேன்.

டிசம்பர் கடைசியில் ஓர் இரவு பஸர் ஒலித்தது. சித்தப்பா கிளம்புவதற்குள் நின்றும்விட்டது. குளிர் குறைந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டார். காலையில் இரண்டு பாத்தி பீன்ஸ் கருகியிருந்தது. திரையில் 4095.5 என்று இருந்தது.

தவறு என்னுடையதுதான். சென்சார் தரும் 16 பிட் மதிப்பை `int16_t` என்பதற்குப் பதிலாக `uint16_t` என்று அறிவித்திருந்தேன். −0.5 டிகிரிக்கு சென்சார் 0xFFF8 என்று அனுப்புகிறது. குறியில்லாத எண்ணாக எடுத்து 16-ஆல் வகுத்தால் 4095.5 வரும். எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் பஸர் அடங்கியிருக்கிறது. ஆய்வகத்தின் 20 டிகிரியில் சோதித்த எனக்கு இது தெரியவே இல்லை.

ஒரு சொல்லை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் நான் அதோடு விடவில்லை. தகவல் தாளின் அட்டவணையில் உள்ள எதிர்ம மதிப்புகள் ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்க்கும் சோதனை நிரலை எழுதினேன். பிறகு பனிக்கட்டியில் உப்பைக் கலந்து சென்சாரை அதில் வைத்துப் பார்த்தேன். ஜனவரி முழுவதும் கருவி சரியாக வேலை செய்தது. சித்தப்பா இப்போது அதை நம்பித்தான் தூங்குகிறார்.

UART, I2C, டைமர், இன்டரப்ட் ஆகியவற்றில் கைப்பழக்கம் உண்டு. சர்க்யூட் படம் பார்த்து பற்றவைப்பேன். ஆஸிலோஸ்கோப்பில் அலைவடிவம் பார்த்துப் பிழை தேடுவேன். RTOS பாடமாகப் படித்ததோடு சரி, பயன்படுத்தியதில்லை. அதைத் தங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

கோவையில் தங்கிப் பணியாற்றத் தயாராக இருக்கிறேன்; ஜூலை முதல் வாரத்தில் சேர முடியும். நேர்காணலுக்கு அழைத்தால் கருவியையும், பிழையிருந்த பழைய நிரலையும், திருத்திய நிரலையும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

நன்றி.

தங்கள் உண்மையுள்ள,
சு. யமுனா

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல் நகல்