வடவள்ளி முதியோர் இல்லம்: 48 படுக்கைக்கான நடத்தும் திட்டம்

அறங்காவலர்கள் ஐவரின் பார்வைக்கு. வரும் கூட்டத்தில் இதை வரிவரியாகப் படித்து முடிவெடுக்க வேண்டுகிறேன். கட்டட வேலை, வாங்க வேண்டிய பொருட்கள் பற்றிய தாள் தனியாக வரும்.

தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் என்றும், 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. கோவையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் தெருவுக்கு நான்கைந்தாவது தேறும். அதனால் ஆள் வருவார்களா என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. வந்து பார்க்கும் மகளுக்கோ மகனுக்கோ மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்கள்? இந்தத் திட்டம் அந்தக் கேள்வியிலிருந்து எழுதப்பட்டது. தோட்டம், பஜனை அறை, நூலகம் எல்லாம் இருக்கட்டும். பணம் முதலில் போக வேண்டியது ராத்திரி டியூட்டிக்கு.

யார், எத்தனை பேர்

48 படுக்கையை மூன்றாகப் பிரிக்கிறோம். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்கள் 20 பேர், மாடியில். குளிக்க, நடக்க, உடை மாற்றத் துணை தேவைப்படுபவர்கள் 16 பேர், தரைத்தளத்தில். படுக்கையில் இருப்பவர்களும் மறதி நோய் முற்றியவர்களும் 12 பேர், தரைத்தளத்திலேயே, நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில். யார் எந்தப் பிரிவு என்பதை, அன்றாட வேலைகளில் எவ்வளவைத் தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பார்தெல் அளவுகோல் வைத்து நர்சிங் கண்காணிப்பாளர் முடிவு செய்வார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுமதிப்பீடு, அதுவும் குடும்பத்தார் உடன் இருக்கும்போது. பணத்துக்காக அப்பாவைக் கட்டணம் கூடிய பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடம் வரக் கூடாது.

ஷிப்ட் எட்டு மணி நேரம். இந்தத் தொழிலில் 12 மணி நேரம்தான் வழக்கம் என்பது தெரியும். பதினோராவது மணி நேரத்தில் ஒருவர் இன்சுலின் போடுவதையோ, கனமான ஒருவரைத் தனியாகத் தூக்குவதையோ நான் ஏற்க மாட்டேன். பராமரிப்பாளர்கள் காலையில் 6, மாலையில் 6, இரவில் 4. படுக்கைப் பிரிவில் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஆறு பேருக்கு ஒருவர். துணை தேவைப்படும் பிரிவில் பகலில் எட்டுக்கு ஒருவர், இரவில் 16 பேருக்கும் ஒருவர். மாடியில் மூன்று ஷிப்டிலும் ஒருவர். இதற்கு மேல், ஷிப்டுக்கு ஒரு நர்ஸ். ஆக இரவில் விழித்திருப்பவர்கள் ஐந்து பேர். வாட்ச்மேனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் சேர்க்கவும் கூடாது.

படுக்கைப் பிரிவில் இரவுக்கு இருவர் என்பதைக் குறைக்கவே முடியாது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும். ஒருவரே புரட்டினால் தோல் விரிப்பில் உரசும். அந்த உரசலில்தான் புண் ஆரம்பிக்கும். 10, 12, 2, 4, 6 என்று கட்டில் தலைமாட்டில் உள்ள அட்டையில் எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

விழுவதற்கு மோசமான நேரம் விடியற்காலை. ஐந்து மணிக்கு விழிப்பு வரும், பாத்ரூம் அவசரம், செருப்பைத் தேடுவார்கள், விளக்கு போட மாட்டார்கள். இரவு ஷிப்ட் களைத்துப்போய் ஆறு மணியை எதிர்பார்த்திருக்கும் நேரமும் அதுவே. எனவே காலை ஷிப்டின் ஆறு பேரில் இருவர் 5 மணிக்கே வந்து 1 மணிக்குப் போவார்கள். இதனால் செலவு ஏதும் அதிகமாகாது.

எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது? ஒரு நாளைக்கு 16 ஷிப்ட், வாரத்துக்கு 112. ஒருவர் ஆறு நாள் வந்தால் 19 பேர் போதும் என்று காகிதம் சொல்லும். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, குழந்தைக்குக் காய்ச்சல், சொல்லாமல் நின்றுவிடுபவர் எல்லாம் சேர்த்தால் 22 பேர் வேண்டும். இங்கே கஞ்சத்தனம் செய்தால் ஏஜென்சியிலிருந்து அன்றாடக் கூலிக்கு ஆள் எடுப்போம். வருபவருக்கு எந்தப் பாட்டிக்கு விழுங்கும்போது புரையேறும் என்பது தெரியாது. நர்ஸ் 4, கண்காணிப்பாளர் 1, சமையல் 5, துப்புரவு 5, மேலாளர், டிரைவர், வாட்ச்மேன் இருவர் சேர்த்து மொத்தம் 41 பேர்.

செலவும் கட்டணமும்

பராமரிப்பாளருக்கு மாதம் 16,000, நர்சுக்கு 20,000, கண்காணிப்பாளருக்கு 32,000. மற்றவர்களையும் சேர்த்துச் சம்பளம் 6.72 லட்சம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. நம் பங்கு சுமார் 97,000. வாடகை 1.5 லட்சம். சாப்பாடு ஆளுக்கு மாதம் 4,500 என்று 2.16 லட்சம், ஊழியர் சாப்பாடு 30,000. மின்சாரம், தண்ணீர், சலவை, ஜெனரேட்டர் 80,000. டாக்டர், பிசியோ 65,000. பழுது, இதர செலவு 40,000. கூட்டினால் மாதம் 13.5 லட்சம்.

கட்டணம்: மாடிப் பிரிவு ரூ. 24,500, துணைப் பிரிவு ரூ. 32,000, படுக்கைப் பிரிவு ரூ. 45,000. எல்லாம் நிரம்பினால் 15.42 லட்சம் வரும். சுமார் 42 படுக்கை நிரம்பினால்தான் கைக்காசு போடாமல் ஓடும். நிரம்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை மாதம் சராசரி 3 லட்சம் துண்டு விழும் என்று வைத்து, 45 லட்சம் தனிக்கணக்கில் போட்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

24,500 என்பதற்குக் காரணம் உண்டு. வருமான வரிச் சட்டப்படி பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது நிரம்பியவரிடம் தங்கல், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் அந்த விலக்கு இல்லை. மற்ற இரு பிரிவுக்கும் எவ்வளவு வரி, எந்தப் பகுதி மருத்துவச் சேவையாகும் என்பதை ஆடிட்டர் எழுத்தில் தரட்டும். கட்டண அட்டையில் வரியைத் தனி வரியாகப் போடுவோம். இரண்டாவது மாத பில்லில் திடீரென்று வரி முளைத்தால் அதோடு நம் பெயர் போய்விடும்.

டயப்பர், மருந்து, ரத்தப் பரிசோதனை இவை மட்டும் தனி. கடை பில்லோடு, அதே விலைக்கு. டயப்பர் நாளைக்கு மூன்று, ஒன்று 35 ரூபாய் என்றாலே மாதம் 3,150 ஆகிறது. இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும். அவர்களே வாங்கி வந்து கொடுத்தாலும் சரி.

அட்வான்ஸ் இரண்டு மாதக் கட்டணம். வெளியேறினால் 15 நாளில் திரும்ப. பெரிய டெபாசிட் வாங்கி வட்டியில் நடத்தலாம் என்று நம்மில் ஒருவர் சொன்னார். நான் எதிர்க்கிறேன், திருப்பித் தர முடியாத நாள் ஒன்று வரும், அன்று நாம் இல்லம் நடத்துபவர்கள் அல்ல, கடன்காரர்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுக் காசு நாளுக்கு 150 கழித்துக்கொள்ளலாம். மாத நடுவில் இறந்தால் மிச்ச நாள் பணம் திரும்பப் போக வேண்டும், யாரும் கேட்காமலே. ஏற்றம் ஏப்ரலில் மட்டும், 8 சதவீதத்துக்கு மேல் இல்லை, 60 நாள் முன்னறிவிப்போடு.

மருத்துவ ஏற்பாடு

நாம் ஆஸ்பத்திரி அல்ல. அதை விளம்பரத்திலும் சொல்லக் கூடாது, நினைப்பிலும் வைக்கக் கூடாது. நம் வேலை சீக்கிரம் கவனித்து, சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் அனுப்புவது.

பத்து நிமிடத் தூரத்தில் 24 மணி நேர அவசர சிகிச்சையும் சி.டி. ஸ்கேனும் உள்ள ஒரு மருத்துவமனை. இருதயத்துக்கும் நரம்புக்கும் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. இரண்டோடும் எழுத்தில் ஒப்பந்தம். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் நர்ஸ் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்: 108 அல்லது நம் வண்டி, பிறகுதான் மகனுக்கு போன். கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும்: நோயாளியை அனுப்புவதற்கு இல்லமோ ஊழியரோ கமிஷன், பரிசு, விருந்து எதுவும் பெற மாட்டார்கள். மருத்துவமனைகள் இதைக் கேட்டு ஆச்சரியப்படலாம். கையெழுத்துப் போட மறுப்பவரோடு நமக்கு வேலை இல்லை. வேறு மருத்துவமனைதான் வேண்டும் என்று குடும்பம் சொன்னால், உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, அங்கேதான் அனுப்புவோம்.

பொது மருத்துவர் வாரம் இரு நாள், மூப்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் மாதம் ஒரு முறை. ஆண்டுக்கொரு ஃப்ளூ ஊசி. 70 வயது நிரம்பியவர்களுக்கு ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த அட்டை, முதல்வர் காப்பீட்டு அட்டை, ஓய்வூதியர் காப்பீடு எது இருக்கிறது என்று சேர்க்கை நாளிலேயே பார்த்து நகல் எடுத்து வைக்க வேண்டும்.

மருந்துத் தவறுகள் பல ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாளில் நடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பெயர், பழைய டப்பாவில் இன்னொரு பெயர், உள்ளே ஒரே மருந்து. அன்றே பழையதையும் புதியதையும் நர்ஸ் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, டாக்டரிடம் கேட்டு ஒரே அட்டையாக்க வேண்டும். இன்சுலின், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இரண்டுக்கும் இரண்டாவது ஆள் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். ஒருவர் திடீரென்று உளறினால் வயசாச்சு என்று விடாமல் சர்க்கரை, உப்பு, சிறுநீர்த் தொற்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

இறப்பையும் திட்டத்தில் எழுதியாக வேண்டும். இரவில் வந்து பார்த்து இறப்புக்கான காரணச் சான்று தர ஒரு மருத்துவர், ஐஸ் பெட்டிக்கு ஒரு தொலைபேசி எண், அமெரிக்காவிலிருந்து மகள் வரும்வரை உடலை வைக்க ஓர் அறை, சாங்கியம் செய்ய பின்புறம் இடம். வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரியவரிடமே, தெளிவாக இருக்கும்போது கேட்டு எழுதி வைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2023-இல் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் இருந்தால் போதுமானது.

குடும்பங்களோடு

சேர்க்கைக்கு முன் பெரியவரிடம் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும், பிள்ளைகள் இல்லாமல். இங்கே இருக்க இஷ்டமா என்று கேட்டு, இல்லை என்றால் சேர்க்கக் கூடாது. மறதி நோய் உள்ளவரிடம் மட்டும் இது வேறு விதமாக நடக்கும். முதல் 30 நாள் வெள்ளோட்டம். பிடிக்கவில்லை என்றால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப.

அண்ணன் தம்பிக்குள் ஒத்துவராத வீடுகள் நிறைய. முடிவெடுப்பவர் ஒருவர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று படிவத்தில் இருவர் பெயர் வேண்டும். யார் எவ்வளவு கட்டணம் போடுகிறார்கள் என்ற வழக்கில் நாம் தலையிடுவதில்லை. சொத்து, உயில், தான செட்டில்மெண்ட், வங்கிக் கையெழுத்து எதிலும் அறக்கட்டளையோ ஊழியரோ சாட்சியாகக்கூட நிற்கக் கூடாது. பென்ஷன் ஆயுள் சான்றுக்கு வங்கி ஆளை இல்லத்துக்கே வரவழைக்கலாம்.

காலை 7 முதல் இரவு 8 வரை சொல்லாமலே வரலாம், சமையலறை உட்பட. வாசலில் கரும்பலகை: இன்று இரவு யார் யார் டியூட்டி, பெயரோடு. ஒருவர் குறைந்தால் அதையும் அதே பலகையில் எழுத வேண்டும். விழுந்தால், அடிபடாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்குள் போன். மாதம் ஒரு முறை எடை, விழுந்த எண்ணிக்கை, படுக்கைப் புண் நிலை எழுத்தில். எடை இரண்டு கிலோ குறைந்தால் மகள் கேட்பதற்கு முன் நாம் சொல்லியிருக்க வேண்டும். கேமரா நடைபாதையிலும் கூடத்திலும் மட்டும். அறைக்குள் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடை மாற்றும் இடத்தில் கேமரா வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஊழியருக்கு டிப்ஸ் கிடையாது. கொடுக்கிற வீட்டுப் பெரியவருக்கு ஒரு கவனிப்பு, கொடுக்காத வீட்டுக்கு ஒன்று என்று ஆகிவிடும். தீபாவளிக்குப் பொது உண்டியல் வைத்து எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கலாம். முதியோர் உதவி எண் 14567-ம் மாவட்ட சமூக நல அலுவலக எண்ணும் நம் எண்ணுக்கு மேலே ஒட்டப்படும்.

கூட்டத்தில் முடிவாக வேண்டியவை

இரவு ஐந்து பேர் என்பதை எந்த நிதி நெருக்கடியிலும் குறைப்பதில்லை என்ற தீர்மானம். 45 லட்சம் யார் யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். சமூக நல அலுவலகப் பதிவு, தீயணைப்புச் சான்று இரண்டும் கைக்கு வரும்வரை ஒருவரையும் சேர்ப்பதில்லை என்பது. கட்டட உரிமையாளரிடம் பேச வேண்டியது ஒன்று பாக்கி: இப்போதுள்ள லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் நுழையாது. அதை மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மாடியை 20 பேருக்கு எடுக்கவே வேண்டாம். வேறு கட்டடம் பார்க்கலாம்.